நூற்பாலைப் பணித்தேர்வு நேர்காணலுக்கான தமிழ் - ஆங்கில வினாவங்கி: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மொழியியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே பணிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நேர்காணல் நடத்தும்போது, இரு மொழி வினாக்களும் ஒரே அளவு கடினமுடையனவாக இருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்புச் சரியாக இருந்தால் இது தானே அமைந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைத் திண்டுக்கல் சமவெளிப் பகுதியின் நூற்பாலைகளில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் பணிக்குரிய வினாக்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது. கலைச்சொல், தொடரமைப்பு, விளிமுறை, பேச்சு - எழுத்து வழக்கு வேறுபாடு ஆகியவை வினாவின் கடினத்தை மாற்றும் விதமும், அம்மாற்றத்தைக் கண்டறியும் வழிகளும் இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வினாவங்கி, நேர்காணல், சமக் கடினம், கலைச்சொல், இரட்டை வழக்கு, நூற்பாலை.

முன்னுரை

மதுரை மாவட்டத்திலிருந்து 1985 இல் பிரிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்தில், நகரம் பூட்டுக்கும் தோல் பதனிடுதலுக்கும் பெயர்பெற்றது; வேடசந்தூரை ஒட்டிய சமவெளியோ நூற்பாலைகளால் அறியப்படுவது. இவ்வாலைகளில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் பணிக்கு இருவகையினர் வருகின்றனர். ஒரு வகையினர் ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவர்கள். பாடத்தை ஆங்கிலச் சொற்களால் கற்றவர்கள். மற்றொரு வகையினர் ரிங் ஃபிரேமில் பல ஆண்டுகள் வேலை பார்த்து மேலே வருபவர்கள். அதே இயந்திரத்தைத் தமிழில் அறிந்தவர்கள். இருவரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டுமாயின் வினாக்கள் இரு மொழிகளிலும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

வினாவங்கி என்பது வெறும் கேள்விகளின் தொகுப்பன்று. ஒவ்வொரு வினாவுக்கும் அது அளக்கும் திறன் எது, தொடர்ந்து கேட்கத்தக்க துணைவினா எது, எவ்விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பவை முன்னரே எழுதப்பட்டிருக்கும். அனைவருக்கும் அதே வினா, அதே வரிசை, அதே அளவுகோல் என்பதே கட்டமைப்புடைய நேர்காணலின் அடிப்படை. பணியிடத்தில் உண்மையாக நேர்ந்த சிக்கல்களிலிருந்து சூழலை எடுத்து, 'இந்நிலையில் என்ன செய்வீர்கள்?' என்று வினவும் முறையை லேத்தமும் அவர்தம் குழுவினரும் 1980 இல் வகுத்தளித்தனர். 'அதே வினா' என்னும் சொற்கள் ஒருமொழிச் சூழலில் எளிதாகப் பொருள்படும். இருமொழிச் சூழலில் எது அதே வினா என்பதே ஆய்வுக்குரியதாகின்றது.

சீத்தா தந்த படிப்பினை

2018 மே 6 அன்று நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வின் தமிழ் வினாத்தாள், மொழிபெயர்ப்புப் பிழை வழக்காக மாறியது. சிறுத்தையைக் குறிக்கும் 'சீட்டா' என்னும் ஆங்கிலச் சொல் தமிழில் 'சீத்தா' என்று அச்சிடப்பட்டிருந்தது அவ்வழக்கின் பேசப்பட்ட சான்றுகளுள் ஒன்று. தமிழ் படித்த மாணவருக்குச் சீத்தா என்றதும் நினைவுக்கு வருவது பழம், விலங்கன்று. ஆங்கிலத்தில் வினாவைப் படித்தவருக்கு இல்லாத ஒரு தடை தமிழில் படித்தவருக்கு மட்டும் ஏற்பட்டது. 49 வினாக்களுக்கு நான்கு மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண்களைத் தமிழ் வழித் தேர்வர்க்கு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 ஜூலை 10 அன்று ஆணையிட்டது. அவ்வாணையை உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் நிறுத்திவைத்துப் பின்னர் ரத்து செய்தது.

இவ்வழக்கின் சட்ட முடிவைக் காட்டிலும் அதன் உள்ளமைப்பு இங்குக் கருதத்தக்கது. பிழையான வினாவைச் சரியாகப் புரிந்துகொண்டவர் யார், புரியாமல் தவறியவர் யார் எனத் தேர்வு முடிந்தபின் பிரித்தறிய இயலாது. எல்லோர்க்கும் மதிப்பெண் கொடுப்பதும் ஒருவர்க்கும் கொடுக்காமல் விடுவதும் அளவீட்டைச் சீர்செய்வதில்லை. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்னும் குறிப்பு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணைய வினாத்தாள்களிலும் இடம்பெற்றதுண்டு. நிர்வாக நோக்கில் அது வசதியான விதி. ஆனால் தமிழில் மட்டும் படித்து விடையளிப்பவர்க்கு அவ்விதியால் பயனில்லை. அவர் படிக்காத வடிவம் அவருடைய விடையைத் தீர்மானிக்கின்றது.

எழுத்துத் தேர்விலாவது வினாத்தாள் சான்றாக எஞ்சுகின்றது. நேர்காணலில் அதுவும் இல்லை. வினா விளங்காமல் மௌனமாக இருந்தவர், தமக்கு விடை தெரியவில்லை என்றே எண்ணி வெளியேறுவார். கேட்டவரும் அவ்வாறே குறித்துக்கொள்வார்.

'கவுண்ட்' என்னும் சொல்

நூற்பாலையின் அடிப்படைக் கணக்குகளுள் ஒன்று நூலின் நயத்தைக் கணிப்பது. பருத்தி நூலில் 840 கெஜம் ஒரு ஹேங்க். ஒரு பவுண்டு எடையில் எத்தனை ஹேங்க் உள்ளதோ அதுவே அந்நூலின் கவுண்ட். ஆய்வுக்கூடத்தில் முழு ஹேங்கை எடுப்பதில்லை. அதன் ஏழில் ஒரு பகுதியான 120 கெஜத்தை, அதாவது ஒரு லீயை, சுற்றி எடுத்து எடை பார்ப்பர். ஒரு பவுண்டின் ஏழில் ஒரு பகுதி 64.8 கிராம். எனவே 64.8 ஐ லீயின் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் கிடைக்கும். லீ 1.62 கிராம் இருந்தால் அது 40 கவுண்ட் நூல்.

இக்கணக்கை வினாவாக்கும்போது தமிழ் வடிவம் பின்வருமாறு எழுதப்பட்டது எனக் கொள்வோம்: 'நூற்றிருபது கெச நீளமுடைய நூற்கண்டொன்றின் நிறை 1.62 கிராம் எனின், அந்நூலின் நூலெண் யாது?' இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை; பொருட்பிழையும் பெரிதாக இல்லை. ஆயினும் பத்தாண்டுகள் நாற்பது கவுண்ட் ஓட்டியவர் 'நூலெண்' என்பதைக் கேட்டதும் தயங்குவார். அவருக்குக் கண்டு என்பது கடையில் விற்கும் தையல்நூல் கண்டு. லீ என்று சொல்லியிருந்தால் 120 கெஜம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆங்கில வடிவத்தில் இதே வினாவைக் கேட்கும் டிப்ளமோ மாணவர்க்குக் கவுண்ட், லீ இரண்டும் பாடநூலில் பழகிய சொற்கள். ஆக, ஆங்கில வினா கணக்கை மட்டும் அளக்கின்றது. தமிழ் வினா கணக்கோடு அறிமுகமில்லாத ஒரு சொல்லையும் சேர்த்து அளக்கின்றது. தமிழ்வழி வருபவர்க்குத் துணையாகும் என்று கருதிக் கையாளப்பட்ட தனித்தமிழ்ச் சொல் அவருக்கே தடையாகின்றது.

தமிழாய்வாளர்க்கு இம்முடிவு உவப்பானதாக இராது. ஆனால் இது கலைச்சொல்லாக்கத்தை மறுப்பதாகாது. கலைச்சொல் அறிவைத் தமிழில் பரப்புவதற்கு ஆக்கப்படுவது. நேர்காணல் வினாவோ ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள அறிவை அளப்பதற்கு எழுதப்படுவது. 'நூலெண்' ஆலையின் பதிவேட்டிலும் பயிற்சி வகுப்பிலும் இடம்பெற்று வழங்கத் தொடங்கினால், வினாவிலும் அது தயக்கமின்றி இடம்பெறலாம். அதுவரை வினாவில் 'கவுண்ட்' இருப்பதே முறை. கைத்தறி நெசவுத் தொழிலிலிருந்து வருபவர் 'நாற்பதாம் நம்பர்' என்று விடை கூறக்கூடும். கவுண்ட், நம்பர், நூலெண் ஆகிய மூன்றையும் சம விடைகளாக ஏற்க வேண்டுமென மதிப்பீட்டுக் குறிப்பில் எழுதிவைத்தல் வேண்டும்.

எதிர்த்திசையிலும் சமநிலை குலைவதுண்டு. சுழலும் கதிரில் நூல் அறுவதை ஆங்கிலத்தில் 'எண்ட் பிரேக்கேஜ்' என்பர். இதில் 'எண்ட்' என்பது முடிவு என்னும் பொதுப்பொருளில் வரவில்லை. ஒற்றை நூலிழையைக் குறிக்கும் தொழிற்சொல்லாக வருகின்றது. தமிழில் 'நூல் அறுதல்' என்ற அளவிலேயே பொருள் வெளிப்படையாகிவிடும். 'எண்ட் பிரேக்கேஜ் என்றால் என்ன?' என்பது ஆங்கிலத்தில் ஒரு வினா. 'நூல் அறுதல் என்றால் என்ன?' என்பது தமிழில் வினாவே அன்று. இத்தகைய இடத்தில் தமிழ் வினாவைச் செயற்கையாகக் கடினமாக்குவது தீர்வாகாது. பொருள் வினவும் கேள்வியை இரு மொழிகளிலும் நீக்கிவிட்டுக் காரணம் வினவும் கேள்வியை அமைப்பதே பொருந்தும்.

தொடரமைப்பும் நினைவுச் சுமையும்

காரணம் வினவும் கேள்வி ஒன்றை முழுமையாக நோக்கலாம். நூல் அறுதல் கூடும்போது நல்ல மேற்பார்வையாளர் முதலில் பார்ப்பது அதன் பரப்பை. கூடம் முழுவதும் கூடியிருந்தால் ஈரப்பதமோ பஞ்சுக் கலவையோ காரணமாகலாம். ஒரே ஃபிரேமில் மட்டும் என்றால் அந்த ஃபிரேமின் வேகம், அதில் மாட்டிய டிராவலரின் தேய்மானம், அதற்கு வந்த ரோவிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில கதிர்களில் மட்டும் என்றால் அக்கதிர்களின் டிராவலர், ஏப்ரன், மேல் ரோலர் ஆகியவற்றில் குறை இருக்கும். இவ்வாறு பிரித்தறியும் திறனே அளக்கத்தக்கது.

இதற்கான ஆங்கில வினாவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பின்வரும் வடிவம் கிடைக்கும்: 'ஈரப்பதம் தரும் இயந்திரம் பழுதடைந்ததால் இரவு ஷிஃப்ட்டில் நூல் அறுதல் அதிகரித்ததை உங்களுக்கு முன் பணியிலிருந்தவர் பதிவேட்டில் குறிக்காமல் சென்றிருப்பதை நீங்கள் அறியும்போது முதலில் மேற்கொள்ளும் நடவடிக்கை யாது?' ஆங்கிலத்தில் வினாச்சொல்லும் வினையும் தொடக்கத்திலேயே வந்துவிடும். சூழலை விளக்கும் கிளைத்தொடர்கள் அதன்பின் ஒவ்வொன்றாகச் சேரும். தமிழில் எச்சத்தொடர்கள் அனைத்தும் முன்னே நிற்க, 'யாது' என்பது இறுதியில் வருகின்றது. எது கேட்கப்படுகின்றது என்பதை அறியாமலே கேட்பவர் நான்கு செய்திகளை நினைவில் சுமக்க வேண்டியுள்ளது. படித்துப் பார்க்கும் தேர்வில் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். செவிவழி வினாவில் அவ்வாய்ப்பில்லை. மேலும் இவ்வினாவே ஈரப்பதத்தைக் காரணமாகக் கூறிவிடுவதால் அளக்க வேண்டிய திறன் அளக்கப்படாமல் போகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது.

இத்தகைய மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வழக்கமாகக் கையாளப்படும் முறை மறுபெயர்ப்பு. தமிழ் வடிவத்தை மூலத்தை அறியாத வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்க, இரு ஆங்கில வடிவங்களும் ஒப்பிடப்படும். பிரிஸ்லின் 1970 இல் இதனை முறைப்படுத்தினார். மேற்கண்ட தொடரை மறுபெயர்ப்புக்கு உட்படுத்தினால் அது குறையின்றித் தேறிவிடும். காரணம், மறுபெயர்ப்பாளர் எழுத்தைப் பார்த்து, நேரம் எடுத்துப் பெயர்க்கின்றார். பொருள் தப்பியதா என்பதை அம்முறை காட்டும். சுமை கூடியதா என்பதைக் காட்டாது.

அதே 1970 இல் வெர்னரும் கேம்பெலும் முன்வைத்த மையநீக்கம் என்னும் கருத்து இவ்விடத்தில் உதவுகின்றது. அம்முறையில் மூலமொழி வடிவம் மாற்றலாகாத ஒன்றாகக் கருதப்படுவதில்லை. இலக்குமொழியில் இடர்ப்படும் இடம் கண்டறியப்பட்டால் மூலமும் திருத்தப்படும். அதன்படி தமிழ் வினா பின்வருமாறு அமையும்: 'நீங்கள் இரவு ஷிஃப்ட்டுக்கு வருகிறீர்கள். நூல் அறுதல் வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது. முந்தைய ஷிஃப்ட் பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்? ஏன்?' இதே ஐந்து சிறு தொடர்கள் இதே வரிசையில் ஆங்கிலத்திலும் எழுதப்பட வேண்டும். முன்னிருந்த நீண்ட ஆங்கிலத் தொடர் கைவிடப்படும். அது டிப்ளமோ முடித்தவர்க்கும் நன்மையே. அவருள் பலர்க்கு ஆங்கிலம் படித்த மொழியேயன்றிப் பேசிப் பழகிய மொழியன்று.

சொல் எண்ணிக்கையைக் கொண்டு சமநிலையைக் கணிப்பதும் பொருந்தாது. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டுவதால் தமிழில் சொற்கள் குறைவாகவும் நீளமாகவும் அமையும். இரு வடிவங்களையும் இயல்பான வேகத்தில் வாய்விட்டுப் படித்து நேரம் பார்ப்பது இதனினும் நம்பத்தக்க அளவு.

விளிமுறையும் கேட்கலாகாத செய்தியும்

'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்பது ஆங்கில நேர்காணலில் ஒரு மரபுத்தொடர். அதற்குக் கல்வி, அனுபவம், விருப்பம் என்னும் வரிசையில் விடை கூறக் கல்லூரிகளிலேயே பயிற்சி அளிக்கப்படுகின்றது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று அதையே தமிழில் கேட்டால் திண்டுக்கல் வட்டாரத்தில் வரும் விடையின் தொடக்கம் பெரும்பாலும் ஊர், பெற்றோர் தொழில், உடன்பிறந்தார், திருமணம் என்பதாகவே இருக்கும். ஊர்ப்பெயரோடு தெருப்பெயரும் சேர்ந்தால் சாதி வெளிப்படுவதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் விடையளித்தவரிடமிருந்து பணிக்குரிய செய்தியும், தமிழில் விடையளித்தவரிடமிருந்து குடும்பச் செய்தியும் கேட்பவரை அடைகின்றன. இரண்டுக்கும் மதிப்பெண் வழங்குவது ஒப்பில்லாதவற்றை ஒப்பிடுவதாகும். 'இதற்கு முன் எந்த மெஷினில், எத்தனை ஆண்டு வேலை பார்த்தீர்கள்?' என்று இரு மொழிகளிலும் கேட்டால் இவ்வேறுபாடு எழாது.

பெண் விண்ணப்பதாரரிடம் திருமணத்தைப் பற்றி வினவுவது தமிழில் நலம் விசாரிப்பது போலவே நிகழ்ந்துவிடுகின்றது. ஆங்கிலத்தில் அவ்வினா உறுத்தலாக ஒலிப்பதால் கேட்பவரே தவிர்த்துக்கொள்கின்றார். பணிக்கு எடுக்கும்போது பால் வேறுபாடு காட்டுதல் கூடாது என்பதை 1976 ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே கூறியது. 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி உள்ளது. வினாவங்கியில் தொடக்க உரையாடலுக்கும் எழுதப்பட்ட தொடர்கள் வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம்.

விளிப்பில் 'நீங்கள்' மட்டுமே வருதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைச் சொல் உள்ளமையால் இச்சிக்கல் இல்லை. தமிழில் தளத்திலிருந்து மேலே வரும் இளையவரை 'நீ', 'தம்பி' என்றும், டிப்ளமோ முடித்தவரை 'நீங்கள்' என்றும் அழைக்கும் பழக்கம் வினா தொடங்குமுன்னரே தரவரிசை வகுத்துவிடுகின்றது. சூழல்வினாவில் வரும் மூன்றாமவரையும் 'தொழிலாளி ஒருவர் தாமதமாக வருகிறார்' எனப் பலர்பாலில் குறித்தால் ஆண், பெண் என்னும் முன்முடிவு விடையில் கலக்காது.

கடினம் சமமா என்பதை அறிதல்

வினாக்களை எழுதி முடித்தபின் ஒத்திகை பார்த்தல் வேண்டும். தமிழில் விடையளித்தோர் சராசரியும் ஆங்கிலத்தில் விடையளித்தோர் சராசரியும் ஒன்றாயின் வினாக்கள் சமம் என்று முடிவுசெய்வது எளிதில் நேரும் பிழை. டிராவலர் தேய்மானம் பற்றிய வினாவில் தளத்தில் வேலை பார்த்தவர் கூடுதல் மதிப்பெண் பெற்றால் அது அறிவு வேறுபாடு, வினாவின் குறையன்று. ஆகவே மொத்த மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றாக உள்ளவர்களை மட்டும் எடுத்து, அவர்களுக்குள் ஒவ்வொரு வினாவையும் ஒப்பிட வேண்டும். கற்பனையாக ஒரு நிலையைக் கொள்ளலாம். நடுத்தர மதிப்பெண் பெற்றவர்கள் மொழிக்கு இருபது பேர். கவுண்ட் கணக்கில் ஆங்கிலக் குழுவில் 15 பேரும், தமிழ்க் குழுவில் 8 பேரும் சரியாக விடையளிக்கின்றனர். பிற வினாக்களில் இவ்விடைவெளி இல்லை. அப்போது ஐயம் ஆட்களின் மீதன்று, அவ்வொரு வினாவின் சொற்கள் மீதே எழ வேண்டும். மேண்டலும் ஹென்செலும் 1959 இல் நோய்க் காரண ஆய்வுக்காக வகுத்த கணக்கீட்டு முறை பிற்காலத்தில் தேர்வு வினாக்களுக்குக் கையாளப்பட்டது இந்நோக்கிலேயே.

ஆனால் அக்கணக்கீடு நம்பத்தக்கதாக வேண்டுமாயின் குழுவுக்கு நூற்றுக்கணக்கானோர் தேவை. ஓர் ஆலை ஓராண்டில் அத்தனை மேற்பார்வையாளர்களை எடுப்பதில்லை. பல ஆலைகள் ஒரே வினாவங்கியைப் பகிர்ந்துகொண்டாலன்றி அது கைகூடாது. சிறிய அளவில் இயலும் முறை வேறு: பணியில் ஏற்கெனவே உள்ளவர்களுள் சிலரிடம் வினாவை ஒருமுறை வாசித்துவிட்டு, விடை கூறுமுன் 'என்ன கேட்டேன் என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' என வேண்டுவது. ஒரு மொழியில் கேட்டவர்கள் தொடர்ந்து ஒரே இடத்தில் இடறினால் அவ்விடம் திருத்தப்பட வேண்டியது. நூலெண் போன்ற சொல் இச்சோதனையில் ஐந்தாறு பேரிலேயே அகப்பட்டுவிடும். இரண்டு மூன்று முறை திருத்தியும் சமன்படாத வினாவை இரு மொழிகளிலும் நீக்கிவிடுதல் நன்று.

மதிப்பிடுவோரிடத்திலும் சமநிலை குலையலாம். 'வோர்ன் அவுட் டிராவலர்' என்ற விடையும் 'டிராவலர் தேஞ்சிருக்கும்' என்ற விடையும் பொருளால் ஒன்றே. முன்னது அறிவுடைமையாகவும் பின்னது பழக்கமாகவும் கேட்பவர் செவியில் விழுகின்றது. இதனைத் தடுக்க மதிப்பெண்ணைச் செய்திக்கூறுகளுக்குப் பிரித்து வழங்க வேண்டும். மேற்கண்ட இரவு ஷிஃப்ட் வினாவில் கூடம், ஃபிரேம், கதிர் எனப் பரப்பைப் பிரித்தறிந்தால் இரண்டு; அதற்கேற்ற சோதனையைக் கூறினால் இரண்டு; பதிவேட்டில் எழுதி மேலாளர்க்குத் தெரிவித்தலைக் கூறினால் ஒன்று. சொன்ன மொழிக்கும் சொன்ன நடைக்கும் மதிப்பெண் இல்லை. மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டியிருப்பின், அதற்கு ஓர் எழுத்துப் பயிற்சியைத் தனியே வைக்கலாம். ஒவ்வொரு விடையிலும் அதைக் கலந்து அளக்கலாகாது.

எழுதிய வினாவும் பேசும் வினாவும்

தமிழின் இரட்டை வழக்கு வினாவங்கிக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிக்கலைத் தருகின்றது. தாளில் இருப்பது எழுத்து வழக்கு. அதை அப்படியே வாசித்தால் நேர்காணல் மேடைப்பேச்சு போலாகும். எனவே கேட்பவர் தம்மையறியாமலே பேச்சு வழக்குக்கு மாற்றுகின்றார். மாற்றும்போது சுருக்குகின்றார், குறிப்புக் கொடுக்கின்றார், சிலரிடம் கூடுதலாக விளக்குகின்றார். ஆங்கிலத்தில் கேட்பவர் தாளில் உள்ளதை வாசிக்க, தமிழில் கேட்பவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு புதிய வினாவை ஆக்கிக்கொண்டிருப்பார்.

பேச்சு வடிவத்தையே அச்சிடுவது ஒரு வழி. ஆனால் எவ்வட்டாரப் பேச்சு என்ற கேள்வி உடனே எழும். வேடசந்தூர்க்காரரும் மதுரையிலிருந்து வந்தவரும் ஒரே தாளை ஒரே வகையில் வாசிக்க மாட்டார்கள். வினாத்தொடர்களைச் சிறியனவாக எழுதி, பேச்சுக்கு மாறும்போது ஈறு மட்டுமே திரியுமாறு அமைப்பது இதனினும் ஏற்புடையது. 'முதலில் எதைப் பார்ப்பீர்கள்?' என்பது 'மொதல்ல எதப் பாப்பீங்க?' ஆகும்போது சொல் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. 'மேற்கொள்ளும் நடவடிக்கை யாது?' என்பதற்கு அத்தகைய பேச்சு வடிவம் இல்லை. அதனைப் பேசுபவர் வேறு தொடரையே ஆக்க நேர்கின்றது. ஈறு திரிந்த அளவில் பேச்சாகுமா என்பதையே ஒவ்வொரு தமிழ் வினாவுக்கும் முதற்சோதனையாகக் கொள்ளலாம்.

விளக்கம் கேட்கப்பட்டால் வினாவை இருமுறை வரை திரும்ப வாசிக்கலாம் என்றும், எச்சொல்லுக்கு எந்த மாற்றுச்சொல்லைத் தரலாம் என்றும் வினாவின் கீழேயே இரு மொழிகளிலும் குறித்துவைத்தல் வேண்டும். 'கவுண்ட்' என்பதற்கு 'நம்பர்' என்று சொல்லலாம். 'லீ' என்பதற்கு '120 கெஜம்' என்று சொல்லலாம். 'ஈரப்பதம் குறைந்ததா என்று பார்ப்பீர்களா?' என்பதைச் சொல்லலாகாது, அது விடை.